சுருவில்: ஒருவர்

வின்சன்ற் குசினி வாசற்படியில் குந்தியிருந்து ஓரா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ஓரா முள்ளு லேசுப்பட்டதில்லை. குத்தினால் அன்று முழுக்கக் கை விண்விண்ணென்று தெறிக்கும். கடலில் இருபத்தைந்து வருடம் ஓரா பிடித்த மனிசன், அதை ஒருநாளும் வீட்டில் வெட்டியதில்லை. அதனால் ஒவ்வொரு மீனையும் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி, முள்ளை அரிந்து, சாம்பலில் பிரட்டி வைத்தார்.

"இஞ்சாரும், குடலை எடுக்கோணுமோ, அப்பிடியே விடுறதோ?"

"எடுங்கோ. பித்தை உடைச்சுப்போடாதேங்கோ. பேந்து சொதியிலை வாய் வைக்கேலாது."

மாக்கிறேற் தலையைத் திருப்பாமலே சொன்னாள். அவளுக்கு முன்னால், சாப்பாட்டு மேசையில், சங்கத்து ரைப்ரைற்றர் இருந்தது. மாரிக் காற்று நாரந்தனைக் கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரின் கூரை ஓட்டில் பாதியைக் கொண்டுபோனபோது, வின்சன்ற்தான் அந்த மெசினைச் சாக்கால் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்தவர். அன்றிலிருந்து, சங்கத்து எழுத்தரான மாக்கிறேற்றின் கந்தோர் வேலையில் அரைவாசி இந்த மேசையில்தான். மீன் வெட்டும் வேலையும் அன்றிலிருந்துதான் கை மாறியது.

மெசினுக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை. பைக்குள் சங்கத்தின் பாதிப்பு விசாரணை அறிக்கை. தண்ணீர் குடிக்க எழும்பினாலும் அந்தப் பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டுதான் மாக்கிறேற் போவாள்.

"என்னப்பா, உதுக்குள்ளை பவுணோ கிடக்கு?" என்று வின்சன்ற் முதல் நாளே கேட்டார்.

"அதிலும் பெரிசு. ஊர் கிடக்கு" என்றாள் அவள்.

மெய்தான். காற்று வள்ளங்களை அடித்து நொறுக்கி, வலைகளைப் பற்றைகளில் கிழித்துத் தொங்கவிட்டுப் போன பிறகு, சங்கத் தலைவர் பஸ்ரியாம்பிள்ளையும் விதானையாரும் மாக்கிறேற்றும் வீடு வீடாகப் போய் எழுதிய அறிக்கை அது. அரசாங்கம் விதானை என்ற பெயரை மாற்றிக் கிராம சேவகர் ஆக்கிப் பல வருடமாகிவிட்டது. ஊருக்கு அவர் இன்னும் விதானையார்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, வீட்டில் ஆர் ஆர் இருக்கிறார்கள், என்ன வயது, என்ன அழிந்தது, கடைசியில் விதானையாரின் குறிப்பு. அந்தக் குறிப்புகளில்தான் ஊரின் வயிறு தெரியும். 'மூத்த மகன் புத்தி சுவாதீனமற்றவர்.' 'வீடு ஈட்டில் இருக்கிறது.' 'கணவர் தென்பகுதியில் வேறு குடும்பத்துடன் வசிப்பதாகத் தெரிகிறது.' உதவி கேட்டு வந்த சனம், வேறு வழியில்லாமல், உள்ளதையெல்லாம் சொல்லியிருந்தது.

உதவி தருவது யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு தரும அமைப்பு. அவர்களுக்கு இந்த முழு அறிக்கை தேவையில்லை. அதை ஒரே பக்கத்தில் சுருக்கி எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். அந்தச் சுருக்கத்தைச் சங்கத்துச் சுவரிலும், தீவுகளிலுள்ள எல்லாக் கோயில் வாசல்களிலும் ஒரு கிழமை ஒட்டவேண்டும். மறுப்பு உள்ளவர்கள் வந்து சொல்லலாம். கிழமை முடிந்தபிறகே சாமான் வரும்.

எல்லாக் கோயில் வாசல்களிலும். நெடுந்தீவிலும்.

அந்த ஒரு சொல்தான் மாக்கிறேற்றுக்கு ஓரா முள்ளுப்போலக் குத்திக்கொண்டிருந்தது.

விசாரணைக்குப் போன நாளில், சுருவிலில் ஒரு தென்னங்காணியின் பின்வளவில், கருவாடு போடும் பெண் ஒருத்தியின் கொட்டிலுக்கு அவர்கள் போனார்கள். ஊர் அவளை 'மன்னாராள்' என்று கூப்பிடும். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சின்னப் பெட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, மன்னார்ப் பக்கம் என்று சொன்னவள். கேட்ட சனம் அதுக்கு மேலே கேட்கவில்லை. காற்றில் அவள் கருவாடு காயப்போடும் பரண் விழுந்து, உப்பு மூட்டையெல்லாம் கரைந்து ஓடியிருந்தது. கருவாட்டுக்காரிக்கு உப்புப் போனால் வள்ளக்காரனுக்கு வள்ளம் போனதுபோலத்தான்.

அடையாள அட்டையைக் கேட்டதும் அவள் உள்ளே போய், ஒரு மாப்பேணிக்குள்ளிருந்து எடுத்துவந்து, மாக்கிறேற்றின் கையிலேயே கொடுத்தாள். மற்ற இருவரும் விழுந்த பரணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அட்டையில் செபஸ்தியம்மா என்று இருந்தது. முகவரி நெடுந்தீவு.

மாக்கிறேற் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, உதை வெளியிலை வாசிப்பாங்களோ?"

"எதை?"

"என்ர பேரை. நான் இருக்கிற இடத்தை." பெண்ணின் குரல் கீழே போனது. "என்னைக் கட்டின அந்தாள் இன்னும் தேடுது. போன தவக்காலத்திலையும் ஊர்காவற்றுறைச் சந்தையிலை நிண்டு விசாரிச்சவராம். அக்கா, லிஸ்றிலையிருந்து என்னை வெட்டி விடுங்கோ. எனக்கு ஒண்டும் வேண்டாம்."

அவள் சேலைத் தலைப்பை விலக்கித் தோளைக் காட்டினாள். பழைய சூட்டுத் தழும்பு. அரிக்கன் லாம்புச் சிமினியின் வட்டம் அப்படியே பதிந்திருந்தது.

மாக்கிறேற் தலைப்பை இழுத்து அவளுடைய தோளை மூடினாள். பிறகு சொன்னாள்:

"வெட்டமாட்டன். உப்பும், பரணை மூடத் தறப்பாளும் உமக்கு வரும். உம்மட பேர் வெளியிலை போகாது. இந்தத் துண்டிலை இருக்கிற இலக்கத்தை மட்டும் பத்திரமா வைச்சிரும்."

விசாரணையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டுக் கடதாசியில் வரிசை இலக்கம் எழுதிக் கொடுப்பது சங்கத்து வழக்கம். செபஸ்தியம்மாவுக்கு இருபத்தொன்று.

வாக்குக் கொடுப்பது லேசு. தலைவரிடம் போனபோதுதான் அதன் பாரம் தெரிந்தது.

"பேரும் இல்லாமல், அட்டை இலக்கமும் இல்லாமல், முகவரியும் இல்லாமல் என்ன பிள்ளை சுருக்கம்?" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "முந்தின முறை வலை குடுக்கேக்கை, கொமிற்றிக்காரர் தங்கட மச்சான்மாருக்குக் குடுத்தவை எண்டு கதை கட்டினவங்கள். என்ர வேட்டியைப் பிடிச்சு இழுக்காத குறை. இந்தமுறை எல்லாத்தையும் போடும். பூரா ஊரும் பாக்கட்டும். எங்களிட்டை ஒளிவு மறைவில்லை."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை மாக்கிறேற் மறுக்கவில்லை. இன்னொன்றும் இருந்தது: நாரந்தனையில் மட்டும் ஒரே பெயரில் மூன்று அந்தோனிப்பிள்ளை. பெயரை மட்டும் போட்டால் ஆருக்கு வலை, ஆருக்கு வள்ளம் என்று அடிபாடு வரும். அட்டை இலக்கம் போட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

"அண்ணை, உங்கட அட்டை இலக்கத்தையும் போடத்தானே வேணும்? உங்கட வலையும் போனதெல்லோ."

"போடும். எனக்கென்ன பயம்?"

"முதல் ரெண்டு இலக்கமும் பிறந்த வருசம். உங்கடது பதினெட்டிலை தொடங்குது."

பஸ்ரியாம்பிள்ளை கறுப்புச் சாயம் பூசிய மீசையைத் தடவினார். அறுபது தாண்டியும், போன பெருநாளில் தனக்கு ஐம்பத்தாறு என்று சொல்லி, இளந்தாரிகளோடு வடம் பிடித்து இழுத்தவர்.

"அதுக்கடுத்த மூண்டு இலக்கமும் வருசத்திலை எத்தனையாவது நாள் எண்டு. பொம்பிளையளுக்கு அதோடை ஐந்நூறைக் கூட்டியிருக்கும். வயசு நிரலை நான் வெட்டினாலும், தெரிஞ்சவன் இலக்கத்தைப் பாத்தே பிறந்த நாளைச் சொல்லிப்போடுவான். கலியாணம் பேசிற வீடுகள் எத்தினை இருக்கு இதுக்குள்ளை."

"உது ஆர் கண்டுபிடிச்ச கெட்டித்தனமோ" என்று தலைவர் முணுமுணுத்தார். "சரி, அட்டை இலக்கம் வேண்டாம். ஆனா கள்ளம் எண்டு ஒருத்தன் சொன்னா நீர்தான் பதில் சொல்லோணும். ஒருத்தனும் வாய் திறக்கேலாத மாதிரி ஒரு வழி பண்ணிக்கொண்டு வாரும்."

அந்த வழியைத்தான் அவள் இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேசையில் தேடிக்கொண்டிருந்தாள். தேடியபோது ஒன்று பிடிபட்டது. சுருக்கம் என்பது பெரிய அறிக்கையைச் சின்ன எழுத்தில் எழுதுவது அல்ல. அதை வாசிக்கப்போகிறவனுக்கு என்ன தெரியவேண்டும் என்று கேட்டு, அதை மட்டும் கொடுப்பது. அமைப்புக்காரருக்கு எத்தனை வலை, எத்தனை வள்ளம் என்று தெரியவேண்டும். அந்தோனிப்பிள்ளைக்குத் தன்னுடைய வலை அதில் இருக்கிறதா என்று தெரியவேண்டும். அவனுடைய மகனுக்குப் புத்தி சுகமில்லை என்பது இரண்டு பேருக்கும் தேவையில்லை.

அப்படிப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். பெயர்கள் போயின. அட்டை இலக்கம், முகவரி, பிள்ளைகளின் பெயர், விதானையாரின் குறிப்பு எல்லாம் போயின. ஊர் ஊராக ஒரு கணக்கு. நாரந்தனை: வள்ளம் இத்தனை, வலை இத்தனை, கருவாட்டுத் தொழில் செய்யும் குடும்பம் இத்தனை. சரவணை இப்படி. சுருவில் இப்படி. கடதாசியை மெசினிலிருந்து உருவி எடுத்தபோது மாக்கிறேற்றுக்கு மனம் நிறைந்திருந்தது. ஒரு பெயர் இல்லை. ஒரு வீட்டு வாசல் இல்லை. சுத்தம்.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் இதைப் பாருங்கோவன். இதிலை ஆரையாவது உங்களுக்குத் தெரியுதோ?"

"கை முழுக்கச் செதில்."

"நான் பிடிக்கிறன். நீங்கள் வாசியுங்கோ."

அவள் கடதாசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். வின்சன்ற் கண்ணைச் சுருக்கி, வாயசைத்து, பிரார்த்தனைப் புத்தகம் வாசிப்பதுபோல வாசித்துக்கொண்டு போனார்.

"நாரந்தனையிலை வள்ளம்... ஓம். சரவணை... சரி. சுருவில், பெண் தலைமைக் குடும்பம், கருவாட்டுத் தொழில், ஒருவர், பிள்ளை ஒன்று." கத்தியை அடுத்த மீனின் வயிற்றில் வைத்தார். "இது எங்கட மன்னாராளெல்லோ. அவளின்ர பரண் விழுந்திட்டுதாம், பாவம்."

மாக்கிறேற் கடதாசியைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் பார்த்தாள்.

"ஏன், பிழையோ?"

"பேர் போடேல்லையே நான்!"

"பேர் என்னத்துக்கு? சுருவிலிலை வேறை ஆர் தனிப் பொம்பிளையா நிண்டு கருவாடு போடுறது? இந்தச் சின்ன ஊரிலை ஒண்டெண்டு எழுதினா அதுதானே பேர்."

அவர் அதைச் சும்மா சொல்லிவிட்டு மீனைச் சட்டிக்குள் போட்டார். அவளுடைய மனக்கண்ணில் ஒரு காட்சி வந்தது. நெடுந்தீவுக் கோயில் வாசலில் ஒருவன் நிற்கிறான். தன் மனைவிக்குக் கருவாடு போடத் தெரியும், ஒரே ஒரு பெட்டை உண்டு என்பது அவனுக்குத் தெரியும். பெயர் எதற்கு? சுருவில், ஒருவர். வள்ளத்தில் வந்து இறங்கி, அந்த ஊரில் கருவாட்டு மணம் வரும் வளவைக் கேட்டால் போதும். தான் வெட்டி எறிந்ததெல்லாம் வீண். எறியாமல் விட்ட ஒரு 'ஒன்று' மிச்ச எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

"என்னப்பா, ஏன் வெளிறிப்போனீர்?"

"ஒண்டுமில்லை. நல்ல காலம் நீங்கள் மீன் வெட்டினது" என்றாள்.

அந்தத் தாளை அவள் அடுப்பில் வைத்தாள். புதிதாக ஒன்றை மெசினில் செருகினாள்.

இந்தமுறை ஊர்களைப் பிரிக்கவில்லை. வள்ளக் கணக்கும் வலைக் கணக்கும் மூன்று ஊருக்கும் சேர்த்தே. பெண் தலைமை, பிள்ளை எத்தனை என்ற வரிகள் போயின. உப்பு ஆருக்கு என்று தீர்மானிக்க அவை வேண்டாம். கருவாட்டுத் தொழிலில் மூன்று ஊரிலும் சேர்த்து ஏழு குடும்பம். ஏழு என்றால் அது ஒரு கூட்டம். கூட்டத்துக்குள் ஒருத்தி நின்றால் தெரியாது. கீழே கொடுக்கப்போகும் சாமான்களின் பெயரும், அவற்றுக்கு நேரே துண்டுக் கடதாசி இலக்கங்களும். உப்பும் தறப்பாளும்: இந்த இந்த இலக்கங்கள். அதற்குள் இருபத்தொன்று ஓரிடத்தில், முன்னும் பின்னும் ஆட்களோடு. மூன்று அந்தோனிப்பிள்ளைகளுக்கும் மூன்று இலக்கம். அடிபாடு இல்லை.

கடைசியில் தலைவருக்காக ஒரு பந்தி: இந்தச் சுருக்கத்தை முழு அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், சரி என்று பங்குச் சுவாமியார், விதானையார், தலைவர் மூவரும் கையெழுத்து வைப்பார்கள். ஓர் இலக்கத்தைப் பற்றி மறுப்பு இருந்தால் அதை எழுதித் தரலாம். நிர்வாகக் குழு அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து விசாரிக்கும். முழு அறிக்கை அலுமாரியில் பூட்டி இருக்கும்.

பஸ்ரியாம்பிள்ளை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்தார்.

"உப்பிடியெண்டா ஒருத்தனும் கள்ளமெண்டு சொல்லேலாது. சுவாமியே கையெழுத்து வைச்சா ஆர் கதைப்பான்." பிறகு இன்னும் மனமில்லாதவர்போல: "ஆனா ஒரு பேராவது போட்டிருக்கலாம். என்ர பேரையாவது."

"உங்கட பேர் கீழை கையெழுத்தோடை வருதுதானே அண்ணை. வயசு இல்லாமல்."

தலைவர் சிரித்துவிட்டார். பேனையை எடுத்தார்.

தாள் எல்லாக் கோயில்களுக்கும் போனது. சங்கத்துச் சுவரிலும் ஒட்டினார்கள். மீன் ஏலம் முடிந்து போகிற சனம் கையில் துண்டுக் கடதாசியை வைத்துக்கொண்டு சுவரில் விரலால் தேடும். கண்டதும் ஒரு தலையாட்டல். அவ்வளவுதான். பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்றில் பெயர், முகவரி எல்லாம் போட்டு நீளமாக ஒட்டியிருந்தார்கள். அங்கே ஆருடைய வீடு ஈட்டில் இருக்கிறது என்ற கதைதான் அந்தக் கிழமை முழுக்க.

வெள்ளிக்கிழமை அவன் வந்தான்.

வெள்ளைச் சட்டை, தோய்த்து மடித்த சாரம், எண்ணெய் வைத்து வாரிய தலை. கந்தோர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். குரலில் அவ்வளவு பணிவு. மாக்கிறேற் ஒரு கணம், ஆரோ நல்ல மனிசன் என்றுதான் நினைத்தாள்.

"நான் கிறிஸ்தோப்பர். நெடுந்தீவு. என்ர மனிசி செபஸ்தியம்மா உங்கட லிஸ்றிலை இருக்கிறாவோ எண்டு அறிய வந்தனான். மற்றச் சங்கங்கள் எல்லாத்திலையும் பாத்துப்போட்டன். அங்கையெல்லாம் பேர் கிடந்தது. உங்கடதிலைதான் இலக்கமாக் கிடக்கு."

"என்ன விசயமா?"

"கோவிச்சுக்கொண்டு வந்திட்டா. கூட்டிக்கொண்டு போகத்தான். பிள்ளையும் இருக்கெல்லோ." சட்டைப் பையிலிருந்து விவாகப் பதிவுப் பத்திரத்தை எடுத்து விரித்தான். "அதோடை, குடும்பத் தலைவன் நான்தானே. ஏதும் சாமான் குடுத்தா அது என்ர கைக்குத்தானே வரோணும்."

மாக்கிறேற் பத்திரத்தை மடித்து அவனிடமே நீட்டினாள்.

"அறிவித்தலிலை இருக்கிறதைத்தான் நான் ஆருக்கும் சொல்லலாம். அது சுவரிலை கிடக்கு."

"முழுப் புத்தகம் இருக்குமே. அதைக் காட்டும்."

"காட்டேலாது. உமக்கு ஒரு இலக்கத்திலை மறுப்பு இருந்தா எழுதித் தாரும். குழு பாக்கும்."

"எந்த இலக்கமெண்டு தெரிஞ்சால்தானே எழுதிறது!" பணிவு கொஞ்சம் கழன்றது. அவன் மூலையிலிருந்த தலைவரைத் திரும்பிப் பார்த்தான். "ஐயா, நீங்கள் பெரியாக்கள். நீங்கள் சொல்லுங்கோ."

மாக்கிறேற்றும் தலைவரைப் பார்த்தாள். பஸ்ரியாம்பிள்ளை கையெழுத்து வைக்கும்போது முழு அறிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்தவர். இருபத்தொன்றாம் பக்கத்தில், கணவனுக்குப் பயந்து மறைந்து வாழ்பவர் என்று விதானையார் எழுதியிருந்த குறிப்பையும் பார்த்திருப்பார். பெயர் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவர்தான்.

தலைவர் கதிரையிலிருந்து பெரிய சத்தத்தோடு எழும்பினார்.

"எனக்கென்ன தம்பி தெரியும்? பேரைப் போடு போடு எண்டு தலைதலையா அடிச்சுக்கொண்டனான். இந்தப் பிள்ளை கேட்டால்தானே! வாயிலை கொழுக்கட்டை மாதிரி இலக்கம் இலக்கமா அடிச்சு ஒட்டிப்போட்டு நிக்குது. இப்ப பாரும், நீர் அவ்வளவு தூரத்திலை இருந்து வந்தும் உமக்கு ஒரு பதில் சொல்லேலாமல் நிக்கிறன். என்ர வலை எதுக்குள்ளை கிடக்கெண்டே எனக்குத் தெரியாது, உம்மட மனிசியை எங்கை தேடுறது?"

அவன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். வெளியே போய்ச் சுவருக்குப் பக்கத்தில் நின்றவர்களிடம் செபஸ்தியம்மா என்று ஒருத்தி இந்தப் பக்கம் வந்தாளா என்று கேட்டான். அவர்கள் உண்மையாகவே யோசித்தார்கள். செபஸ்தியம்மா என்று நாலைந்து பேர் உண்டு, எல்லாரும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள், ஒருத்தி கட்டிலோடு கிடக்கிறாள். நெடுந்தீவுக்காரி ஒருத்தரையும் தெரியாது. மன்னாராளை ஆரும் நினைக்கவில்லை.

அவனுடைய சைக்கிள் மணி தூரத்தில் கேட்கும்வரை தலைவர் வாசலில் நின்று பார்த்தார். பிறகு மண்கூசாவிலிருந்து தண்ணீர் வார்த்து, முதலில் மாக்கிறேற்றின் முன்னால் வைத்தார்.

"குடியும் பிள்ளை." தனக்கும் வார்த்துக் குடித்தார். "அண்டைக்கு நீர் என்ர சொல்லைக் கேட்டிருந்தீரெண்டா, இண்டைக்கு நான் பாவசங்கீர்த்தனத்துக்கு எந்த மூஞ்சையோடை போறது. அந்தோனியார் காப்பாத்தினார். நீரும்தான்."

அன்று பின்னேரம், மாக்கிறேற் நடந்ததைச் சொன்னதும், வின்சன்ற் மீன் வாங்கப் போவதுபோலச் சுருவிலுக்குச் சைக்கிள் மிதித்தார். நெடுந்தீவுக்குக் கடைசி வள்ளம் போய்விட்டதென்று தெரியும்வரை செபஸ்தியம்மாவையும் பெட்டையையும் காணிக்காரரின் வீட்டுக்குள் இருத்திவிட்டு, கையில் ஒரு விளைமீனோடு திரும்பினார். மாக்கிறேற் விசாரித்தபோது, "விலை கேட்டன், குறைச்சுச் சொன்னாங்கள், வாங்கினன்" என்றார். அவள் அவருடைய கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். கலியாணம் முடிந்து பதினெட்டு வருடத்தில் அப்படி அடிக்கடி நடந்ததில்லை.

அந்தக் கலியாணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மாக்கிறேற் மடத்துக் கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்தவள். ரைப் அடிக்கப் பழக்கியதும் அவர்கள்தான். தாயோ தகப்பனோ ஆரென்று தெரியாது. வின்சன்றுக்கு அதில் ஒரு குறையும் இல்லை; அவருடைய தாய்க்கு இருந்தது. கலியாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகன் இன்னாருக்கும், இன்னாருடைய மகள் இன்னாருக்கும் என்று. சின்னக் கோயில், சுவாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். வாசிப்பது சங்கிலித்தாம் என்கிற கோயில் பணியாள். அவரிடம் கொடுத்த தாளில் 'தகப்பன் பெயர் தெரியாது, அநாதைப் பிள்ளை' என்று இருந்ததை மாக்கிறேற் தன் கண்ணால் கண்டிருந்தாள். முதல் ஞாயிறு, வாங்குப் பலகையில் மாமியாராக வரப்போகிறவருக்குப் பின்னால் குனிந்திருந்து, அந்தச் சொல் விழப்போகும் இடத்துக்காகக் காத்திருந்தாள்.

"எங்கள் பங்கில் வளர்ந்த மாக்கிறேற்றுக்கும்" என்று வாசித்தார் அவர். நிற்கவில்லை, இருமவில்லை, அடுத்த வரிக்குப் போனார். இரண்டாம் ஞாயிறும் அப்படியே. மூன்றாம் ஞாயிறும். அதற்குப் பிறகு அந்த மனிசன் அதைப்பற்றி அவளிடம் ஒரு சொல் பேசவில்லை. அவளும் பேசவில்லை. நன்றி சொல்ல எண்ணி எண்ணி, நாலு வருடத்தில் அவர் செத்துப்போனார். இன்றைக்கும் சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவருடைய குழிக்கு ஒரு மெழுகுதிரி போகும். ஆர் ஏற்றுவது என்று அவருடைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

சாமான் வந்து, இலக்கம் கூப்பிட்டுக் கொடுத்து முடிந்தது. மறுப்பு ஒன்றே ஒன்றுதான் வந்தது. தனக்குத் தரும் தறப்பாளின் நிறம் பிடிக்கவில்லை என்று ஓர் அந்தோனிப்பிள்ளை எழுதியிருந்தார்.

பங்குனி வெயில் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து செபஸ்தியம்மா மகளோடு மாக்கிறேற் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு பனையோலைப் பறி. பறி வர முதலே மணம் வந்தது.

"புதுப் பரணிலை முதல் போட்ட கருவாடு, அக்கா. கட்டாப் பாரை. ஒருத்தருக்கும் விக்கேல்லை. உங்களுக்கெண்டு எடுத்து வைச்சது."

"இதென்ன பிள்ளை, ஊருக்கே காணும் போலை கிடக்கு."

"காணாது" என்றார் வின்சன்ற் கதிரையிலிருந்து. "நான் இருக்கிறன்."

பெட்டை சிரித்தாள். அவளுக்கு ஒரு பிஸ்கற்றைக் கொடுத்து வின்சன்ற் கிணற்றடிக்குக் கோழிக்குஞ்சு காட்டக் கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் இருவரும் தனியே இருந்தார்கள். செபஸ்தியம்மா கதிரை நுனியில் இருந்துகொண்டு, சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"எனக்கு வடிவாக் கதைக்கத் தெரியாது அக்கா. ஒண்டு சொல்லோணும். அந்தக் கிழமை முழுக்க நான் கோயில் வாசலிலை போய்ப் போய் அந்தத் தாளை வாசிச்சனான். பயம். அவரின்ர கண்ணாலை வாசிச்சுப் பாத்தனான். என்னைத் தேடித் தேடிப் பாத்தன். அந்த உப்பு வரியிலை ஏழு பேரிலை ஒராளா நிக்கிறன் எண்டு எனக்கே தெரியுது, ஆனா என்னைக் கண்டுபிடிக்க ஏலேல்லை. மூண்டு வருசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் நித்திரை கொண்டனான்."

மாக்கிறேற் மேசையைப் பார்த்தாள். மேசையில், ரைப்ரைற்றர் இருந்த இடத்தில், அதன் நாலு இரப்பர்க் காலின் அடையாளமும் இன்னும் இருந்தது. கூரை போட்டு மெசின் கந்தோருக்குப் போய்விட்டது.

"நீங்கள் எழுதினதைவிட, எழுதாமல் விட்டதுக்குத்தான் நான் கடமைப்பட்டவள்" என்றாள் செபஸ்தியம்மா. பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "உங்களுக்கு ஆரக்கா சொல்லித் தந்தது, எதை விடோணுமெண்டு?"

'எங்கள் பங்கில் வளர்ந்த' என்ற பழைய குரல் காதில் கேட்க, மாக்கிறேற் எழும்பினாள். பறியை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உப்புத்தூள் சட்டையில் ஒட்டியது. கண் கரித்தது கருவாட்டு உப்பினாலாகவும் இருக்கலாம். அவள் திரும்பிப் பார்க்காமல் குசினிக்குள் போனாள்.